நூறு முறை சுண்டினால் 75 தலை விழுமா?

வணக்கம் நேயர்களே. குறையில்லாத ஒரு நாணயத்தை நூறு முறை சுண்டுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பதை ஒட்டித் தலை விழ வேண்டும். 53 விழுந்தால் யாரும் வியக்க மாட்டோம். 58 என்றாலும் போகட்டும் என்று விட்டுவிடுவோம். 75 விழுந்துவிட்டால்? நாணயத்தையோ சுண்டிய ஆளையோ சந்தேகிப்போம். எவ்வளவு தூரம் சந்தேகிக்கலாம் என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

75 தலையோ அதற்கு மேலோ விழும் நிகழ்தகவைத் துல்லியமாகவே கணக்கிடலாம். 75, 76, 77 என்று நூறு வரைக்கும் 26 எண்களைக் கூட்ட வேண்டும்; கணினி நொடியில் கூட்டிவிடும். ஏறத்தாழ 35 லட்சத்தில் ஒன்று என்று விடை வரும். ஆனால் அந்த விடை இந்த ஒரு கேள்விக்கு மட்டுமே. சுண்டும் எண்ணிக்கை மாறினால் என்ன ஆகும் என்பதை அது சொல்லாது. நமக்கு வேண்டியது, நிகழ்தகவு இதற்கு மேல் போகவே போகாது என்று காட்டும் ஓர் உச்சவரம்பு. அதைக் கையாலேயே கண்டுபிடிக்க முடியும்.

ஒரு பரிசு விளையாட்டாக இதைப் பார்ப்போம். ஒவ்வொரு தலைக்கும் ஒரு ரூபாய் பரிசு. சராசரியாக 50 ரூபாய் கிடைக்கும். 75 ரூபாயோ அதற்கு மேலோ கிடைக்கும் வாய்ப்பு மூன்றில் இரண்டுக்கு மேல் இருந்தால், அந்தப் பணம் மட்டுமே சராசரியை 50 ரூபாய்க்கு மேலே தூக்கிவிடும். ஆகவே மூன்றில் இரண்டுதான் உச்சவரம்பு. இது மார்க்கோவ் சமனிலி. தவறில்லை, ஆனால் பயனும் இல்லை. 35 லட்சத்தில் ஒன்று என்ற உண்மை எங்கே, மூன்றில் இரண்டு எங்கே!

பரிசை மாற்றுவோம். ஐம்பதிலிருந்து எவ்வளவு விலகியதோ, அதன் வர்க்கத்தைப் பரிசாகக் கொடுப்போம். இந்தப் பரிசின் சராசரி 25. 75 தலை விழுந்தால் விலகல் 25, பரிசு 625. ஆகவே வாய்ப்பு 25-இல் ஒன்றுக்கு மேல் போகாது. விலகல் இரு பக்கமும் நடக்கலாம் என்பதால் நம் பக்கத்துக்குப் பாதி, அதாவது நூற்றுக்கு இரண்டு. இது செபிஷெவ் சமனிலி. நம் கல்லூரிப் பாடங்கள் பலவும் இங்கேயே வண்டியை நிறுத்திவிடுகின்றன என்பது என் நெடுநாள் ஆதங்கம். வாதம் மாறவில்லை, பரிசுதான் மாறியது. அதற்கே இவ்வளவு முன்னேற்றம் என்றால், பரிசை இன்னொரு முறை மாற்றிப் பார்க்காமல் ஏன் விட வேண்டும்?

மாற்றுவோம். கையில் ஒரு ரூபாயோடு தொடங்குகிறீர்கள். தலை விழுந்தால் கையிலுள்ள பணம் மும்மடங்காகும். பூ விழுந்தால் அப்படியே இருக்கும். ஒரு முறை சுண்டினால் பாதி வாய்ப்பில் மூன்று ரூபாய், பாதி வாய்ப்பில் ஒரு ரூபாய். சராசரி இரண்டு ரூபாய். நூறு முறை சுண்டினால் சராசரி, இரண்டை நூறு முறை பெருக்கி வரும் தொகை: 31 இலக்க எண். 75 தலை விழுந்தவர் கையில் மூன்றை 75 முறை பெருக்கிய தொகையாவது இருக்கும்: 36 இலக்க எண். முதல் எண்ணை இரண்டாம் எண்ணால் வகுத்தால் 4 லட்சத்து 80 ஆயிரத்தில் ஒன்று என்ற அளவு வருகிறது. உச்சவரம்பு அதுதான். நூற்றுக்கு இரண்டிலிருந்து ஒரே தாவலில் இங்கே வந்துவிட்டோம். உண்மை விடையை விட ஏழு மடங்குதான் அதிகம்.

ஏன் மும்மடங்கு? இரு மடங்கு வைத்துப் பார்த்தால் வரம்பு 93 ஆயிரத்தில் ஒன்று. நான்கு மடங்கு வைத்தால் 2 லட்சத்து 29 ஆயிரத்தில் ஒன்று. பேராசைப்பட்டுப் பத்து மடங்கு வைத்தால் வெறும் ஒன்பதில் ஒன்று, காரியம் கெட்டுவிட்டது. காரணம் இது: பத்து மடங்கு விளையாட்டில் சராசரிப் பரிசின் பெரும்பகுதி 91 தலைக்குப் பக்கத்தில் விழும் மிக அரிய ஆட்டங்களிலிருந்து வருகிறது. நாம் கேட்பது 75-ஐப் பற்றி. சராசரியோ 91-ஐப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறது. மும்மடங்கு வைக்கும்போது அந்தப் பெரும்பகுதி சரியாக 75-ஐச் சுற்றியே குவிகிறது. 75 தலை, 25 பூ. 75-ஐ 25-ஆல் வகுத்தால் மூன்று. குறையில்லாத நாணயத்துக்கு விதி இவ்வளவுதான்.

அந்த மடங்கை e-யின் t அடுக்காக எழுதி, சராசரிப் பரிசை t-யின் சார்பாகப் பார்த்தால் கிடைப்பதுதான் மொமென்ட் ஜெனரேட்டிங் ஃபங்ஷன். தேர்வுக்காக மனப்பாடம் செய்த அந்தச் சார்பின் உண்மையான வேலை, சாதாரண மார்க்கோவ் வாதத்துக்குப் பெருகும் பரிசைக் கொடுப்பது.

இதற்குச் செர்னாஃப் வரம்பு என்று பெயர். ஹெர்மன் செர்னாஃப் 1952-இல் வெளியிட்ட கட்டுரையால் வந்த பெயர். கட்டுரையின் பெரிய நோக்கம் வேறு: புள்ளியியல் சோதனைகளில் எது எவ்வளவு திறமையானது என்று ஒப்பிடுவது. கடினமான கணிதம். இந்த வரம்பை மிக எளிதாக நிறுவலாம் என்று காட்டியவர் அவருடைய நண்பர் ஹெர்மன் ரூபின். இருவரும் ஹெர்மன்கள்தான், குழப்பிக்கொள்ளாதீர்கள். நிறுவல் அவ்வளவு எளிதாக இருந்ததால், அதற்கெனத் தனியாக நன்றி சொல்லச் செர்னாஃபுக்குத் தோன்றவில்லை. பிற்காலத்தில் தகவல் கோட்பாட்டுக்காரர்களும் கணினி அறிவியலாளர்களும் அந்தக் கட்டுரையிலிருந்து இந்த எளிய பகுதியைத்தான் பிடித்துக்கொண்டார்கள். அது உண்மையில் ரூபினுடையது என்று செர்னாஃபே பின்னர் வெளிப்படையாகச் சொன்னார். சொல்லி என்ன, பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. ரூபின் வரம்பு என்று நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன். மாணவர்களுக்குப் புரிவதில்லை, தேர்வுத்தாளிலும் வருவதில்லை.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. நூறு முறைக்கான சராசரி, இரண்டை நூறு முறை பெருக்கியது என்றேன் அல்லவா? அப்படிப் பெருக்க உரிமை தருவது, ஒரு சுண்டல் இன்னொன்றைச் சாராமல் இருப்பதுதான். நாணயங்களை இரண்டிரண்டாக ஒட்டிவிட்டால், நூறு நாணயம் இருந்தாலும் உண்மையில் 50 முறைதான் சுண்டுகிறோம். வரம்பு 4 லட்சத்து 80 ஆயிரத்தில் ஒன்றிலிருந்து சுமார் 700-இல் ஒன்றாகத் தளர்ந்துவிடும். நூறையும் சேர்த்து ஒட்டினால் நூறும் தலையாக விழவே பாதி வாய்ப்பு உண்டு. செபிஷெவுக்கு எந்த இரண்டு சுண்டலை எடுத்தாலும் ஒன்றையொன்று சாராமல் இருந்தாலே போதும். நம் வரம்புக்கு எல்லாம் சேர்ந்து சாராமல் இருக்க வேண்டும். ஒரே தெருவில் நூறு வீட்டுக் கதவைத் தட்டிக் கருத்துக் கேட்டுவிட்டு இந்த வரம்பைப் பயன்படுத்துகிறவர்கள் தவறுவது இங்கேதான். சூத்திரம் அவர்களை எச்சரிக்காது; அழகான சிறிய எண்ணைக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

நேரம் முடியப்போகிறது என்று கை காட்டுகிறார்கள், ஆகவே மிச்சத்தை விரைந்து சொல்கிறேன். 200 முறை சுண்டி 150 தலையைக் கேட்டால், செபிஷெவ் வரம்பு நூற்றுக்கு இரண்டிலிருந்து ஒன்றாகப் பாதியாகும். நம் வரம்போ தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும்: 4 லட்சத்து 80 ஆயிரத்தின் வர்க்கத்தில் ஒன்று. அடுக்குக்குறி வரம்பு என்பது இதைத்தான். மடங்கைத் தேடும் சிரமமே வேண்டாம் என்பவர்களுக்கு ஹெஃப்டிங் 1963-இல் ஒரு நேர் சூத்திரம் கொடுத்தார்: தலைகளின் விகிதம் பாதியிலிருந்து எவ்வளவு விலகியதோ, அதன் வர்க்கத்தை இரண்டாலும் சுண்டும் எண்ணிக்கையாலும் பெருக்கி, எதிர்க்குறியோடு e-யின் அடுக்கில் வையுங்கள். நம் கணக்கில் விலகல் கால், அதன் வர்க்கம் பதினாறில் ஒன்று, அடுக்கு பன்னிரண்டரை. 2 லட்சத்து 70 ஆயிரத்தில் ஒன்று என்ற அளவில் வரும். சற்றுத் தளர்ச்சிதான், ஆனால் மனக்கணக்கு. தலை விழும் வாய்ப்பு மிகச் சிறிதாக இருக்கும் நாணயத்துக்கு மட்டும் இதை நம்பாமல் பெருகும் பரிசுக்கே திரும்பிவிடுங்கள். வணக்கம்.