‘தோல்வி: 0’ என்ற அறிக்கையை நம்பலாமா? ஒரு சோதனைகூட ஓடாத இரவின் கதை

[திரையில்: பச்சைப் பின்னணியில் ‘தோல்வி: 0’]

வணக்கம் நண்பர்களே. இப்போது திரையில் தெரியும் அறிக்கையில் ஒரு பொய்யும் இல்லை; ஆனால் இதை நம்பி நண்பகலில் மென்பொருளை வெளியிடுபவர், யாருமே சோதித்துப் பார்க்காத ஒன்றைத்தான் வெளியிடுகிறார்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மென்பொருள் குழுக்கள் இரவில் தானியங்கிச் சோதனைகளை ஓடவிட்டு, காலையில் அதன் அறிக்கையை மின்னஞ்சலில் அனுப்புவது வழக்கம்.

பைத்தானில் எழுதப்பட்ட ஒரு திட்டத்தை எடுத்துக்கொள்வோம். சோதனைகளை ஓட்டுவது pytest. அது தன் வழக்கமான அமைப்பில் `test_*.py` அல்லது `*_test.py` என்ற வடிவில் பெயர் கொண்ட கோப்புகளை மட்டுமே தேடி எடுக்கும். கோப்புகளை ஒழுங்குபடுத்த விரும்பிய ஒருவர், `test_payment.py` என்பதை `payment_tests.py` என்று மாற்றுகிறார். கடைசியில் ஒட்டிக்கொண்ட அந்த ஒற்றை s போதும். அந்தத் திட்டத்தில் இருந்தது அந்த ஒரு சோதனைக் கோப்புதான் என்றால், அன்றிரவு திரையில் வருவது இதுதான்:

```
collected 0 items
no tests ran in 0.02s
```

காலையில் அறிக்கை எழுத வேண்டியவரின் முன்னால் இருப்பது, சுருக்கம், வரைபடம், குறிப்புகள் என்று காலியாகக் கிடக்கும் ஒரு படிவம். காலியான கட்டத்தைக் கண்டால் எதையாவது எழுதி நிரப்பத் தூண்டும் அந்தக் கைப்பழக்கம், தேர்வில் விடை தெரியாத கேள்விக்கும் இரண்டு பக்கம் எழுதிய நாளிலிருந்தே நம்மிடம் இருக்கிறது. எனவே ‘தோல்விகள் எதுவும் பதிவாகவில்லை, கட்டணப் பகுதி நிலையாக உள்ளது’ என்று ஒரு வரி சேர்கிறது. வரைபடத்துக்கான இடம் வெறுமையாகத் தெரியக் கூடாது என்று முந்தைய இரவின் படமும் ஒட்டப்படுகிறது. வரியின் முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதிக்கு அன்றைய ஓட்டத்தில் எந்த ஆதாரமும் இல்லை. படிப்பவரோ இரண்டையும் ஒரே மூச்சில் படித்துவிட்டு ஒப்புதல் கொடுத்துவிடுவார்.

மனிதர்கள் மட்டும்தான் இப்படி நிரப்புகிறார்கள் என்று எண்ண வேண்டாம். அறிக்கை தயாரிக்கும் நிரல்களில் இப்படி ஒரு வரி ஒளிந்திருக்கலாம்:

```python
rate = 100 if total == 0 else passed * 100 / total
```

பூஜ்யத்தால் வகுத்தால் நிரல் முறிந்துவிடும் என்பதற்காக எழுதப்பட்டது இது. விளைவு என்னவென்றால், ஒன்றுமே ஓடாத இரவுக்கு நூற்றுக்கு நூறு மதிப்பெண்!

இனி நான் மிகவும் ரசிக்கும் பகுதி. பைத்தானுடனேயே வரும் unittest கருவி, ஒரு சோதனையும் கிடைக்காதபோது நெடுங்காலமாக என்ன சொல்லிவந்தது தெரியுமா?

```
Ran 0 tests in 0.000s

OK
```

பூஜ்யம் சோதனைகள், பூஜ்யம் நொடிகள், அதற்கு ஓர் OK! கருவியே நிரப்பு வாக்கியம் எழுதியது என்றுதான் சொல்வேன். ஓடி முடிந்ததும் அது கணினிக்குத் திருப்பித் தரும் நிலை எண்ணான எக்ஸிட் கோடும் 0, அதாவது வெற்றி. ஆகவே அதை மட்டும் பார்க்கும் தானியங்கி அமைப்புகள் பச்சை விளக்கைக் காட்டின. 2023 அக்டோபரில் வந்த பைத்தான் 3.12 பதிப்பில்தான் அந்த OK போய், NO TESTS RAN என்ற சொற்களும் 5 என்ற எக்ஸிட் கோடும் வந்தன. pytest-இலும் ஒன்றும் ஓடாத நிலைக்கு எண் 5 தான். சோதனை தோற்றால் வரும் 1 வேறு. இத்தனை அக்கறையுடன் பிரித்துக் கொடுத்த எண்ணை, ‘இரவு வேலை சிவப்பாகத் தெரிகிறதே’ என்ற எரிச்சலில் `pytest || true` என்று எழுதி விழுங்கிவிடுபவர்களும் உண்டு. உங்கள் குழுவில் அந்த வரி இருந்தால் கருத்துப் பெட்டியில் ஒப்புக்கொள்ளுங்கள். பெயர் கேட்க மாட்டேன்.

அப்படியானால் அந்தக் காலை என்ன எழுதலாம்? நான் எழுதினால் இவ்வளவுதான்:

```
நிலை: சோதனை ஓடவில்லை
கண்டறிந்தவை: 0   எக்ஸிட் கோட்: 5
தேர்ச்சி விகிதம்: பொருந்தாது
கடைசியாக முழுமையாக ஓடியது: முந்தைய இரவு
காரணம்: இன்னும் தெரியவில்லை
```

தோல்வி எண்ணிக்கையை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். 200 சோதனைகள் ஓடி ஒன்றும் தோற்காத இரவிலும் அது 0, இன்றும் 0, ஆகவே அதைப் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. பிரித்துக் காட்டுவது கண்டறிந்த சோதனைகளின் எண்ணிக்கைதான். ஆவணங்கள் மட்டும் மாறியதால் சோதனை வேண்டாம் என்று குழுவே முடிவு செய்திருந்தால், காரண வரியில் அதைச் சொல்லிவிடலாம். முந்தைய இரவின் வரைபடம் கட்டாயம் வேண்டும் என்று யாராவது கேட்டால், படத்தின் மேலேயே அதன் தேதியைப் பொறித்துக் கொடுங்கள். கீழே சிறிய எழுத்தில் போட்டால் கைப்பேசியில் பார்ப்பவர் கண்ணில் அது படாது.