வேன் போன பிறகு யார் பெருக்குவது?

(கோலாலம்பூர்த் தமிழ்ப்பள்ளி ஒன்றில், ஆறாம் ஆண்டு வகுப்புத் தலைவர் தேர்தலையொட்டி நடந்த பட்டிமன்றத்தில் வேட்பாளர் ஒருவர் ஆற்றிய உரை.)

நடுவர் கேட்டது: “வகுப்புத் தலைவர் தேர்தலில் வாக்குக் கேட்பவர் மாணவர் மனத்தைத் தொடும் பேச்சை நம்ப வேண்டுமா, அல்லது திட்டவட்டமான வாக்குறுதியை நம்ப வேண்டுமா?”

நடுவர் அவர்களே, எதிரணித் தோழர்களே, வியாழக்கிழமை வாக்களிக்கப் போகும் என் வகுப்பு நண்பர்களே, வணக்கம்.

எதிரணித் தலைவி எனக்கு முன்னால் மிக அழகாகப் பேசினார். நானும் கைதட்டினேன். வகுப்பறைக்குக் குளிர்சாதனம் வரும், வீட்டுப்பாடம் பாதியாகும், சிற்றுண்டிச்சாலையில் நாசி லெமாக் விலை இறங்கும் என்றார். குளிர்சாதனம் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் தலைமையாசிரியரும் முடிவு செய்ய வேண்டிய செலவு. வீட்டுப்பாடம் ஆசிரியரின் உரிமை. நாசி லெமாக்கின் விலையைச் சிற்றுண்டிச்சாலை நடத்துபவரிடம்தான் கேட்க வேண்டும். இந்த மூன்றில் எந்தக் கதவின் சாவி வகுப்புத் தலைவரிடம் இருக்கிறது? வாக்குறுதி கொடுப்பவர் முதலில் தன் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பதே எங்கள் அணியின் வாதம்.

வகுப்புத் தலைவரின் கையில் இருப்பவற்றுள் பெரியது கடமை அட்டவணை. சிரிக்காதீர்கள்! நம் வகுப்பில் அதிகச் சண்டைகள் நடந்தது அந்த ஒற்றைத் தாளால்தான். அகர வரிசைப்படி நாளுக்கு ஆறு பெயர், ஐந்து நாளுக்கு முப்பது பெயர் என்று தாளில் கணக்குச் சரியாக இருக்கிறது. ஆனால் செவ்வாய்க்கிழமை பள்ளி முடிந்ததும் ஒரே ஒரு மாணவிதான் விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். மற்ற ஐவரும் சோம்பேறிகள் என்று நாம் எல்லாரும் சொன்னோம். கடந்த ஆண்டு வகுப்புத் தலைவியாக இருந்து இப்போது இடைநிலைப்பள்ளிக்குப் போய்விட்ட அக்காவிடம் இதைக் கேட்டபோது, அவர் அந்தத் தாளை ஒருமுறை பார்த்துவிட்டு, “இந்த ஐந்து பேரும் வேனில் போகிறவர்கள் தானே?” என்றார். ஆம், ஐவரும் வேனில் போகிறவர்கள். மணி 1.30-க்கு அடிக்கிறது, வேன் 1.40-க்குப் புறப்படுகிறது. தெருவில் நெரிசல் தொடங்குவதற்குள் போக வேண்டும் என்பதால் ஓட்டுநர் மாமா ஒருவருக்காகவும் காத்திருப்பதில்லை. அகர வரிசைக்கு வேன் நேரம் தெரியாது, நடுவர் அவர்களே!

ஆகவே என் முதல் வாக்குறுதி இது. நான் தலைவரானால் அடுத்த திங்கட்கிழமையிலிருந்து அட்டவணை பெயர்களின் வரிசையில் இராது. நாம் வீட்டுக்குப் போகும் விதத்தின்படி இருக்கும். நம் வகுப்பில் வேனில் வருபவர் 14 பேர். அவர்கள் காலை ஏழு மணிக்கே வந்துவிடுகிறார்கள், சபைகூடல் வரை திடலில் சும்மா அமர்ந்திருக்கிறார்கள். சன்னல்களைத் திறப்பது, வெண்பலகையைத் துடைப்பது, மேசை வரிசையைச் சரிசெய்வது ஆகிய காலை வேலைகளை அவர்கள் ஏற்பார்கள். நான்கு நாள்களுக்கு மூவர் வீதம், வெள்ளிக்கிழமைக்கு இருவர். மீதமுள்ள 16 பேர் மாலை வகுப்புக்குத் தங்குபவர்கள், அல்லது பெற்றோருக்காகக் காத்திருப்பவர்கள். பெருக்குவதும் குப்பைக்கூடையைக் காலி செய்வதும் அவர்களுடையவை, நாளுக்கு மூவர் வீதம். முப்பது பேரும் புறப்படும் முன் தத்தம் நாற்காலியை மேசைமேல் ஏற்றிவிட்டால் மூவரே பத்து நிமிடத்தில் பெருக்கி முடிக்கலாம். இப்போது அந்த மாணவி செலவிடும் நேரத்தில் பாதி முப்பது நாற்காலிகளைத் தூக்குவதிலேயே போகிறது என்பதை நின்று பார்த்தவர்கள் அறிவார்கள்.

கூட்டிப் பார்க்கும் நண்பர்கள் மாலையில் 15 பேர்தானே வருகிறது என்று கேட்பீர்கள். பதினாறாவது நண்பர் போன வாரம் என்னிடம் வந்து, தமக்கு மூச்சிரைப்பு இருப்பதால் தூசியில் நிற்க முடியாது, ஆகவே தம் வாக்கு எனக்கில்லை என்றார். அட்டவணை என்றாலே விளக்குமாறு என்று அவர் நினைத்துவிட்டார். நாள்தோறும் பயிற்சிப் புத்தகங்களை அடுக்கி ஆசிரியர் அறையில் வைக்கும் பொறுப்பை அவருக்கு ஒதுக்கியிருக்கிறேன். அதற்குப் பிறகும் அவர் வாக்கு எனக்குக் கிடைக்குமா என்பது தெரியாது. அது அவர் விருப்பம்.

வெள்ளிக்கிழமை வேலை ஒன்று கூடுதலாக உண்டு. அறிவியல் மூலையில் உள்ள பூச்சாடிகளுக்கு அடியில் இருக்கும் தட்டுகளை அன்று கவிழ்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு, முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரத்தில் வளர்ந்துவிடும் என்பதால் மாதம் ஒருமுறை கழுவுவதில் பயனில்லை. தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

இரண்டாம் வாக்குறுதி சுருக்கமானது, கொஞ்சம் கசப்பானதும்கூட. ஆசிரியர் வராத பாடவேளையில் ஐந்து நிமிடம் காத்திருப்பேன். ஆறாவது நிமிடம் ஆசிரியர் அறைக்குப் போய்ச் சொல்வேன். இதைக் கேட்ட என் பக்கத்து இருக்கை நண்பர், “நிம்மதியாக இருக்கிற ஒரு வேளையையும் கெடுக்கிறாயே!” என்று கோபித்துக்கொண்டார். அந்தக் கோபத்துக்குத் தெரிந்தே வாக்குக் கேட்கிறேன். பேசுபவர் பெயரைப் பலகையில் எழுதுவதா வேண்டாமா என்பதில் எங்கள் அணிக்குள்ளேயே இன்னும் உடன்பாடு இல்லை. எனவே அதுபற்றி நான் எதுவும் வாக்களிக்கவில்லை.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர், “கணக்குச் சொன்னால் யார் கேட்பார்கள்? உற்சாகம் இல்லாத தலைவர் பின்னால் யார் வருவார்கள்?” என்றார். அதில் பாதி உண்மை உண்டு. விளக்குமாற்றை எடுக்கச் சொல்பவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் நானும் எடுக்க மாட்டேன். ஆனால் உற்சாகம் திங்கட்கிழமை வரும், செவ்வாய்க்கிழமை வேன் வரும்! எந்த நாளில், யார், எதைச் செய்வார் என்று சொல்லாத பேச்சை நாம் எப்படிச் சோதிப்பது? இந்நாட்டில் 2019-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் வாக்குரிமை வயது 18 ஆகியிருக்கிறது. பதிவுக்கு விண்ணப்பிக்காமலேயே நம் பெயர்களும் ஒருநாள் பட்டியலில் ஏறிவிடும். அன்று கேட்க வேண்டிய கேள்வியை இன்று என்னிடம் கேட்டுப் பழகுங்கள்.

என்னைச் சோதிக்கும் வழியையும் நானே தருகிறேன். வேலையைச் செய்தவர் அறிவிப்புப் பலகையில் தம் பெயருக்கு நேரே குறியிட வேண்டும். ஒருவரின் குறி அவருக்கு உரியதல்லாத நாள்களிலும் அடிக்கடி தென்பட்டால் அட்டவணை தோற்றுவிட்டது என்று பொருள். நான்கு வாரத்துக்குப் பிறகும் அப்படியே இருந்தால் வகுப்பாசிரியர் முன்னிலையில் அதைக் கலைத்துப் புதிதாக எழுதுவேன். குறியிடாதவரைத் தண்டிக்கும் அதிகாரம் எனக்கில்லை. அதை நான் கேட்கவும் மாட்டேன்.

ஒரு குறையை மறைக்க விரும்பவில்லை. மூவரில் ஒருவர் விடுப்பில் இருந்தால் மறுநாள் குழுவிலிருந்து ஒருவர் முன்வர வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். மறுநாள் குழு இதை ஒப்புக்கொள்ளவில்லை. இதைவிட நல்ல வழி எனக்கு இன்னும் தோன்றவில்லை. புதிய அட்டவணையின் நகல் வகுப்பின் பின்சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது, பக்கத்தில் பென்சில் கட்டித் தொங்குகிறது. வியாழக்கிழமைக்குள் யார் வேண்டுமானாலும் திருத்தலாம், எதிரணித் தலைவி உட்பட. அவர் வென்றால் அந்தத் தாளை அப்படியே எடுத்துக்கொள்ளட்டும். நன்றி, வணக்கம்.