ரிட்டர்ன் ஏற்றியாகிவிட்டது, மாதக்கணக்கில் அசையவில்லை: பெங்களூரு சிபிசிக்கு எழுதும் முன்னும் எழுதும்போதும்

[திரையில்: incometax.gov.in முகப்புப் பக்கம்]

வருமான வரி ரிட்டர்னைப் போட்டாயிற்று, ஒப்புகை எண்ணும் கையில் இருக்கிறது. ஆனால் ரீஃபண்ட் வரவில்லை, மின்னஞ்சலும் வரவில்லை. கேட்டால், "ஏற்றியாச்சு சார், சிபிசில பென்டிங்" என்கிறார் ரிட்டர்ன் போட்டுக்கொடுத்த பிரவுசிங் சென்டர்க்காரர். சிபிசி என்பது ரிட்டர்ன்களைச் செயலாக்கும், வருமான வரித் துறையின் பெங்களூரு மையம். அந்த ஒரு வார்த்தையை நம்பி மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் நிறையப் பேர். "பென்டிங்" என்று இவர்கள் சொல்வது இரண்டு வேறு நிலைமைகளில் ஒன்றாக இருக்கும். ஒன்றில் துறை உங்கள் ரிட்டர்னைக் கையிலேயே எடுத்திருக்காது, அதற்கான காரணமும் உங்கள் பக்கம் இருக்கும். இன்னொன்றில் வேலை உண்மையிலேயே பெங்களூருவில் நிற்கிறது. இது எது என்று தெரியாமல் புகார் எழுதினால், வருகிற பதிலால் பயன் இருக்காது.

[திரையில்: e-File → Income Tax Returns → View Filed Returns]

முதலில் உள்ளே போய்ப் பார்த்துவிடுவோம். பான் எண்ணும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்நுழைந்து e-File, அதில் Income Tax Returns, அதில் View Filed Returns. மதிப்பீட்டு ஆண்டு வாரியாக ஒவ்வொரு ரிட்டர்னும் ஒரு கட்டமாக வரும். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான வருமானத்துக்கு மதிப்பீட்டு ஆண்டு 2025-26. இதை மாற்றிப் பார்த்துவிட்டுக் குழம்புகிறவர்கள் உண்டு. கடவுச்சொல் பிரவுசிங் சென்டர்க்காரரிடம்தான் இருக்கிறது என்றால் முகப்புப் பக்கத்திலேயே Income Tax Return (ITR) Status என்று ஓர் இணைப்பு இருக்கிறது. அங்கே 15 இலக்க ஒப்புகை எண்ணையும் ஒரு கைபேசி எண்ணையும் கொடுத்து, ஓடிபி போட்டால் நிலை தெரிந்துவிடும்.

கட்டத்துக்குள் ரிட்டர்ன் கடந்து வந்த படிகள் தேதியோடு தெரியும். ஏற்றியது, சரிபார்த்தது, செயலாக்கம் முடிந்தது என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். நாம் தேடவேண்டியது இரண்டாவது படியின் தேதியை, அதாவது இந்த ரிட்டர்ன் என்னுடையதுதான் என்று நீங்கள் உறுதிசெய்த தேதியை.

[திரையில்: "pending for e-Verification" என்ற நிலை பெரிதாகக் காட்டப்படுகிறது]

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். கும்பகோணத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். வங்கி வைப்புத்தொகை வட்டியில் டிடிஎஸ் என்று முன்கூட்டியே வரி பிடித்துவிட்டார்கள். 18,400 ரூபாய் திரும்பி வரவேண்டும். 2025 ஆகஸ்ட் 28 அன்று ரிட்டர்ன் ஏற்றப்பட்டது. அவருடைய ஆதாரில் பழைய கைபேசி எண் இருந்ததால் ஓடிபி வரவில்லை. அதனால் ஐடிஆர்-வி என்கிற ஒரு பக்கத் தாளை அச்செடுத்துக் கையெழுத்து வாங்கி, கூடவே பாஸ்புக் நகலும் ஆதார் நகலும் வைத்துப் பின் அடித்து, தபாலில் அனுப்பிவிட்டார்கள். பிப்ரவரி வந்துவிட்டது. கட்டத்தைத் திறந்து பார்த்தால் pending for e-Verification என்றே நிற்கிறது.

இதற்கு அர்த்தம், ஆசிரியையின் கையெழுத்து சிபிசியில் பதிவாகவே இல்லை என்பதுதான். சரிபார்க்காத ரிட்டர்னைத் துறை செயலாக்காது. சட்டத்தின் பார்வையில் அது ரிட்டர்னே அல்ல. சரிபார்க்க முன்பு 120 நாள் இருந்தது. 2022 ஆகஸ்ட் 1 முதல் 30 நாள்தான். ஆசிரியையின் கணக்கில் செப்டம்பர் 27 கடைசி நாள். தபாலில் அனுப்புவதாக இருந்தால் நீங்கள் போட்ட தேதி கணக்கில் வராது. 2024ஆம் ஆண்டு அறிவிப்பின்படி தாள் பெங்களூருவில் கிடைத்த தேதிதான் கணக்கு. அது போய்ச் சேர்ந்தால் துறையிலிருந்து மின்னஞ்சல் வரும், கட்டத்தில் நிலையும் மாறும். இரண்டும் நடக்கவில்லை என்றால் தாள் வந்ததாக அங்கே பதிவு இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

[திரையில்: ஐடிஆர்-வி தாளின் மாதிரி, கீழே பார்கோடு]

இந்தத் தாளைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். கீழே ஒரு பார்கோடு இருக்கிறது. அதன் மேல் மடிப்பு விழக்கூடாது, மை படக்கூடாது, பின் அடிக்கவும் கூடாது. கையெழுத்து நீல மையில் இருக்கவேண்டும். உறைக்குள் இந்தத் தாளைத் தவிர வேறெதுவும் வேண்டாம். படிவம் 16, பாஸ்புக் நகல், "ஐயா, என் ரீஃபண்டைச் சீக்கிரம் அனுப்பவும்" என்ற கடிதம், எதையும் வைக்காதீர்கள். பெங்களூரு 560500 என்கிற முகவரி இந்தத் தாளுக்காக. ரிட்டர்னோடு எந்த ஆவணத்தையும் இணைக்கத் தேவையில்லை என்பதுதான் விதி. உங்கள் குறையை எழுதும் வழி வேறு, அதற்குப் பின்னால் வருவோம்.

30 நாள் தாண்டிவிட்டது, என்ன செய்யலாம்? Services என்ற பட்டியலில் Condonation Request, அதாவது தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளக் கேட்கும் மனு, இருக்கிறது. அதில் ஐடிஆர்-வி தாமதம் என்ற வகையைத் தேர்ந்து, காரணத்தை நேராக எழுதவேண்டும். ஆதாரில் பழைய எண் இருந்தது, தாளைத் தபாலில் அனுப்பினோம், அது பதிவாகவில்லை என்று இப்போதுதான் தெரிந்தது. இவ்வளவு போதும். தபால் ரசீது இருந்தால் அந்த எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். இந்தமுறை தபாலை நம்பவேண்டாம். வங்கிக் கணக்கோ டீமேட் கணக்கோ போர்ட்டலில் சரிபார்க்கப்பட்டிருந்தால் அதன் வழியாக ஈவிசி என்கிற சரிபார்ப்பு எண்ணைப் பெறலாம், நெட்பேங்கிங்கிலிருந்தும் சரிபார்க்கலாம்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 30 நாளுக்குப் பிறகு சரிபார்த்தால், சரிபார்த்த நாளைத்தான் ரிட்டர்ன் போட்ட நாளாக எடுத்துக்கொள்வார்கள். அந்த மதிப்பீட்டு ஆண்டுக்குக் கெடு 2025 செப்டம்பர் 16. தாமத ரிட்டர்னுக்கான கடைசி நாள் டிசம்பர் 31. ஆசிரியை பிப்ரவரியில் சரிபார்க்கிறார் என்றால் இரண்டு தேதியும் போய்விட்டன. ஆகவே மனு ஏற்கப்பட்டால்தான் 18,400 ரூபாய் கிடைக்க வழி. செப்டம்பரில் ஒருதடவை அந்தக் கட்டத்தைத் திறந்து பார்த்திருந்தால், ஐந்து நிமிட வேலையோடு முடிந்திருக்கும். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

திருத்திய ரிட்டர்ன் போட்டவர்களுக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது. முதல் ரிட்டர்னைச் சரிபார்த்திருப்பார்கள், திருத்தியதைச் சரிபார்க்க மறந்திருப்பார்கள். இரண்டுக்கும் தனித்தனி ஒப்புகை எண், தனித்தனி சரிபார்ப்பு. கட்டத்தில் கடைசியாகப் போட்ட ரிட்டர்னின் நிலையைப் பாருங்கள்.

[திரையில்: "Successfully e-Verified" என்ற நிலை]

சரி, இரண்டாவது நிலைமைக்கு வருவோம். சரிபார்த்தாயிற்று, தேதியும் இருக்கிறது, ஆனால் Processed என்று மாறவில்லை. இங்கே துறைக்குச் சட்டம் கொடுத்திருக்கும் அவகாசம் தெரியவேண்டும். ரிட்டர்னைச் செயலாக்கி முடிவைச் சொல்லும் பிரிவு 143(1) அறிவிப்பை, ரிட்டர்ன் போட்ட நிதியாண்டு முடிந்து 9 மாதத்துக்குள் அனுப்பவேண்டும். 2025 ஆகஸ்டில் போட்டிருந்தால் நிதியாண்டு 2026 மார்ச் 31இல் முடிகிறது, அங்கிருந்து 9 மாதம் என்றால் 2026 டிசம்பர் 31. பலருக்கு இரண்டு மூன்று வாரத்திலேயே முடிந்துவிடுவதால் நமக்கு மட்டும் ஆறு மாதம் என்றால் அநியாயமாகத் தோன்றும். ஆனால் சட்டப்படி அது தாமதம் ஆகாது. புகாரில் "காலக்கெடு தாண்டிவிட்டது" என்று எழுதும் முன் இந்தத் தேதியைக் கணக்குப் பாருங்கள்.

ரீஃபண்டும் இல்லை, கட்டவேண்டிய வரியும் இல்லை, துறை எந்த மாற்றமும் செய்யவில்லை என்றால், அறிவிப்பு வராவிட்டாலும் ஒப்புகையே அறிவிப்பாகக் கருதப்படும். அவர்கள் கவலைப்படவேண்டியதில்லை.

ரீஃபண்ட் வரவேண்டியவர்கள் எழுதும் முன் மூன்று இடத்தைப் பார்க்கவேண்டும். முதலாவது Pending Actions. துறை உங்களிடம் ஏதோ கேட்டு, நீங்கள் பதில் சொல்லாமல் இருக்கலாம். ரிட்டர்னில் குறை என்று 139(9) அறிவிப்பு வந்திருந்தால் 15 நாளில் பதில் கொடுக்கவேண்டும். பழைய ஆண்டின் வரிப் பாக்கியில் ரீஃபண்டைக் கழித்துக்கொள்ளப் போகிறோம் என்று 245 பிரிவில் கேட்டிருக்கலாம். இந்த மின்னஞ்சல்கள் பிரவுசிங் சென்டர்க்காரருடைய முகவரிக்குப் போயிருப்பது சர்வசாதாரணம். இரண்டாவது, பான் ஆதாரோடு இணைந்திருக்கிறதா என்பது. இணையாமல் பான் செயலிழந்திருந்தால் ரீஃபண்ட் வராது. மூன்றாவது, நீங்கள் கேட்ட கழிவுகள். 2025 டிசம்பரில் பலருக்கு, கழிவுகள் பொருந்தவில்லை, ரிட்டர்னை மறுபடி பாருங்கள் என்று குறுஞ்செய்தி வந்தது. அப்படி நிறுத்திவைத்த ரிட்டர்ன் புகார் எழுதுவதால் மட்டும் நகராது.

நிலையில் Case Transferred to Assessing Officer என்று இருந்தால் சிபிசிக்கு எழுதிப் பயனில்லை. கோப்பு உங்கள் வட்டார அதிகாரியிடம் போய்விட்டது. முகப்பில் Know Your AO என்ற இணைப்பில் அவர் யார் என்று பார்த்து அவருக்கு எழுதுங்கள்.

[திரையில்: Grievances → Submit Grievance]

இது எதுவும் இல்லை, எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்றால் இப்போது எழுதலாம். Grievances பட்டியலில் Submit Grievance. துறைப் பிரிவைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும், அங்கே CPC-ITR. இதை மாற்றித் தேர்ந்தால் புகார் வேறு மேசைக்குப் போய்விடும். வங்கி பிடித்த டிடிஎஸ், உங்கள் பானில் பதிவான வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் இல்லை என்பது உங்கள் குறையென்றால் முதலில் கேட்கவேண்டியது வங்கியை, சிபிசியை அல்ல.

எழுதுவதை ஆங்கிலத்தில், சுருக்கமாக எழுதுங்கள். கோபத்தையும் கெஞ்சலையும் தள்ளிவைத்துவிட்டுத் தேதிகளை மட்டும் சொல்லுங்கள். தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

"மதிப்பீட்டு ஆண்டு 2025-26க்கான என் ரிட்டர்ன், ஒப்புகை எண் இன்னது, இந்தத் தேதியில் ஏற்றப்பட்டு இந்தத் தேதியில் ஆதார் ஓடிபி மூலம் சரிபார்க்கப்பட்டது. இன்றுவரை செயலாக்கப்படவில்லை. Pending Actions பகுதியில் என்னிடமிருந்து எந்தப் பதிலும் நிலுவையில் இல்லை. பழைய வரிப் பாக்கியும் இல்லை. பான், ஆதாரோடு இணைக்கப்பட்டுள்ளது. ரீஃபண்டுக்கான வங்கிக் கணக்கு சரிபார்க்கப்பட்டுள்ளது. ரிட்டர்ன் எந்தக் கட்டத்தில், எந்தக் காரணத்தால் நிற்கிறது என்று தெரிவிக்கவும்."

கடைசி வரியைக் கவனியுங்கள். "சீக்கிரம் முடிக்கவும்" என்று கேட்டால் "பரிசீலனையில் உள்ளது, காத்திருக்கவும்" என்று பதில் எழுதிப் புகாரை மூடிவிடுவது சுலபம். எந்தக் கட்டம், என்ன காரணம் என்று கேட்டால் அந்தப் பதில் போதாது என்று அடுத்தமுறை எடுத்துச்சொல்ல உங்களுக்கு இடம் இருக்கும்.

புகார் எண்ணைக் குறித்துவையுங்கள். பொதுவான பதிலோடு மூடினால், அந்த எண்ணைச் சுட்டி மறுபடி எழுதுங்கள். அதற்கும் அதே பதில் என்றால் pgportal.gov.in என்ற மத்திய அரசின் பொதுக் குறைதீர்ப்புத் தளத்தில், பழைய எண்களையும் வந்த பதில்களையும் சேர்த்துக் கொடுக்கலாம். பேசித் தெரிந்துகொள்ள 1800 103 0025 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. பேசியவரின் பெயரையும் தேதியையும் எழுதிவைத்தால் அடுத்த புகாரில் உதவும்.

[திரையில்: வட்டிக் கணக்கு]

இவ்வளவு நாள் பணம் அங்கே இருந்ததற்கு வட்டி உண்டு. 244A பிரிவின்படி மாதத்துக்கு அரை சதவீதம். கெடுவுக்குள் போட்ட ரிட்டர்னுக்கு, பிடிக்கப்பட்ட டிடிஎஸ்ஸில் திரும்ப வரும் தொகை என்றால், மதிப்பீட்டு ஆண்டின் ஏப்ரல் 1இலிருந்து கணக்கு தொடங்கும். 18,400 ரூபாய்க்கு மாதம் 92 ரூபாய். 2025 ஏப்ரலிலிருந்து 2026 பிப்ரவரிவரை 11 மாதம், 1,012 ரூபாய். ரீஃபண்ட் மொத்த வரியில் 10 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் வட்டி கிடையாது. தாமதம் உங்களால் ஏற்பட்டது என்றால் அந்தக் காலத்துக்கும் கிடையாது. கிடைக்கும் வட்டி வருமானம்தான், அடுத்த ரிட்டர்னில் காட்டவேண்டும்.