மேலூர் வீட்டுப் பூட்டு ரெண்டு: எது மூத்தது?

வணக்கம் மக்களே. இன்றைக்கு மேசை மேல் ரெண்டே பொருள். மேலூர் பக்கத்தில் எங்கள் பெரியப்பாவின் பழைய வீட்டைப் பிரிக்கிறார்கள். அங்கே நெல் போட்டு வைக்கிற அறைக்கு ரெண்டு பூட்டு இருந்தது. ஒன்று கதவின் உள்பக்கம் பெட்டி மாதிரி திருகிப் பொருத்தியது. இன்னொன்று வெளியே நாதாங்கியில் தொங்கின மாங்காய்ப் பூட்டு. "ரெண்டுமே நாயக்கர் காலத்துப் பூட்டுடா, பத்திரமா வச்சுக்க" என்று பெரியப்பா கையில் கொடுத்துவிட்டார். சரி, அது உண்மையா என்று பார்ப்போம்.

முதலில் ரெண்டையும் பாருங்கள். மாங்காய்ப் பூட்டின் ஓரமெல்லாம் அரம் போட்ட கோடு. எழுத்து கோணலாக விழுந்திருக்கிறது, வளையம் ஒரு பக்கம் கொஞ்சம் தடித்திருக்கிறது. பெட்டிப் பூட்டு நேர்க்கோடாக, ஒழுங்காக, தொழிற்சாலைச் சரக்கு மாதிரி இருக்கிறது. யாரைக் கேட்டாலும் மாங்காய்ப் பூட்டுதான் பழசு என்பார்கள். நானும் முதல் நாள் அப்படித்தான் நினைத்தேன்.

மாங்காயிலிருந்தே ஆரம்பிக்கிறேன். இதை நான் திறந்து பார்க்கவில்லை. ரெண்டு தகட்டையும் சுற்றி ரிவிட் அடித்து மூடியிருக்கிறார்கள். திறக்க வேண்டுமென்றால் ரிவிட்டை அறுக்க வேண்டும், அறுத்தால் பூட்டு போச்சு. அதனால் உள்ளே இருப்பதைச் சாவியை வைத்துத்தான் படிக்க வேண்டும்.

இதோ சாவி. கேமராவை கிட்டக் கொண்டு வருகிறேன். பல்லில் ஏழு படி தெரிகிறதா? நுனியில் உள்ள படி தாழை நகர்த்துவதற்கு. மீதி ஆறு படியும் ஆறு லீவருக்கு. பூட்டின் முகத்திலும் ஆங்கிலத்தில் ஆறு லீவர் என்று அடித்திருக்கிறார்கள், கணக்கு ஒத்துப் போகிறது. சாவித் துவாரத்தில் டார்ச் அடித்தால் மஞ்சளாகத் தகடு தகடாகத் தெரிவதுதான் பித்தளை லீவர்கள்.

லீவர் என்றால் என்ன? ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கின மெல்லிய தகடுகள். ஒவ்வொன்றிலும் ஒரு வெட்டு இருக்கும். சாவி திரும்பும்போது ஒவ்வொரு படியும் தன் தகட்டைத் தூக்கும். ஆறு வெட்டும் ஒரே நேர்க்கோட்டில் வந்தால்தான் தாழில் இருக்கிற முளை உள்ளே நுழையும். இதில் முக்கியமான விஷயம், தகட்டைக் குறைவாகத் தூக்கினாலும் திறக்காது, கூடுதலாகத் தூக்கினாலும் திறக்காது. இந்த இரட்டைக் கட்டுப்பாட்டுக்கு இங்கிலாந்தில் ராபர்ட் பாரன் காப்புரிமை வாங்கினது 1778-இல். திருமலை நாயக்கர் ஆண்டது 1623 முதல் 1659 வரை. பெரியப்பா கணக்கு அங்கேயே உடைந்துவிடுகிறது.

ஆனால் கவனியுங்கள், பொறி நமக்குச் சொல்வது "இதற்கு முன்னால் இருக்க முடியாது" என்பதை மட்டும்தான். எப்போது செய்தது என்று சொல்லாது. லீவர் பூட்டை இன்றைக்கும் செய்கிறார்கள். 1778 என்று தெரிந்ததும் "ஆஹா, இருநூறு வருஷம்" என்று துள்ளக் கூடாது. பழைய சாமான் கடைகளில் நடக்கிற வேடிக்கை பெரும்பாலும் இதுதான்.

அடுத்தது அரம். கையால் ராவினதை எப்படிக் கண்டுபிடிப்பது? வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். மெஷின் வெட்டினால் கோடுகள் ஒரே இடைவெளியில், ஒரே சாய்வில் ஓடும், வெட்டின் அடிப்பகுதி சதுரமாக இருக்கும். கை அரத்தில் ஒவ்வொரு இழுப்பும் கொஞ்சம் கொஞ்சம் திசை மாறும், கோடுகள் ஒன்றை ஒன்று வெட்டிக்கொள்ளும். கை ஆடுவதால் தட்டையாக இருக்க வேண்டிய ஓரம் லேசாக உருண்டுவிடும். இந்தச் சாவியில் மூன்றாவது படியைப் பாருங்கள், ஒரு பக்கம் நகத்தளவுகூட இல்லாத சரிவு. இது கைவேலைதான், சந்தேகமே இல்லை.

இங்கேதான் நம்ம ஊர்க்காரர்கள் ஏமாறுகிறார்கள். ஐரோப்பியப் பூட்டுக்கு எழுதின வழிகாட்டிகளில் கை அரம் என்றால் பழசு என்றிருக்கும். மதுரையிலிருந்து வடக்கே அறுபது கிலோமீட்டர் போனால் திண்டுக்கல். அங்கே இன்றைக்கும் லீவரை ஒவ்வொன்றாகச் சாவிக்குப் பொருத்திப் பொருத்தி அரத்தால் ராவுகிற ஆட்கள் இருக்கிறார்கள். அந்தக் கைவேலைப் பூட்டுக்குத்தான் 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. போன வாரம் ராவின லீவரிலும் இதே கோடு இருக்கும். ஆகவே இந்த வட்டாரத்தில் அரக்கோடு, செய்த விதத்தைச் சொல்லும். காலத்தைச் சொல்லாது.

அப்படியானால் காலத்தை எது சொல்கிறது? தகடு. வெர்னியர் காலிப்பரை எடுத்து விளிம்பில் எட்ட முடிகிற நாலு இடத்தில் தகட்டின் தடிமனை அளந்தேன். நாலு இடத்திலும் 1.6 மில்லிமீட்டர். சுத்தியலால் அடித்து நீட்டின தகடு இப்படி இருக்காது, ஓரிடம் தடிக்கும், ஓரிடம் மெலியும். இது ஆலையில் உருட்டின தகட்டை வாங்கி வெட்டினது.

அப்புறம் பின்பக்கம். அழுக்குக்கு அடியில் ஏதோ இருந்தது. அம்மா புளி போட்டுத் தேய்க்கக் கிளம்பிவிட்டார், ஓடிப் போய்ப் பிடுங்கினேன். தயவுசெய்து புளி, எலுமிச்சை, ஆசிட் எதுவும் வேண்டாம். அழுக்கோடு எழுத்தின் விளிம்பும் கரைந்துவிடும். ரெண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க ஊறவிட்டு, காலையில் பழைய பல் பிரஷ்ஷால் லேசாகத் தட்டினேன். 65 என்று எண் வந்தது, பக்கத்திலேயே ஆங்கிலத்தில் மி.மீ. என்ற எழுத்து. ஒவ்வோர் எழுத்தும் தனித்தனி அச்சு, அதனால்தான் ஒன்று உயர்ந்து ஒன்று தாழ்ந்து நிற்கிறது.

இந்தச் சின்ன மி.மீ. மொத்தக் கதையையும் முடித்து வைக்கிறது. நம் நாட்டில் மெட்ரிக் அளவுக்குச் சட்டம் வந்தது 1956-இல். அதற்குப் பிறகுதான் படிப்படியாகக் கடைத்தெருவுக்கு வந்தது. அதுவரை பூட்டு என்றால் ரெண்டரை இஞ்ச், மூணு இஞ்ச் என்றுதான் பேச்சு. ஆக இந்த மாங்காய் 1950-களின் கடைசிக்கு முந்தியதாக இருக்க வழியில்லை. அரக்கோட்டைப் பார்த்து நூற்றைம்பது வருஷம் போட்டிருப்பேன்.

சரி, இப்போது பெட்டிப் பூட்டு. இதன் மூடி நாலு திருகாணியில் நிற்கிறது, அதனால் பூட்டுக்குச் சேதமில்லாமல் திறக்கலாம். திறக்கும் முன்னாலேயே திருகாணிகளைப் பாருங்கள். மூன்றில் தலையில் ஒற்றை வெட்டு. நாலாவது ஸ்டார் தலை. அந்தத் தலை 1930-களில் வந்த சரக்கு. இதைப் பார்த்ததும் பூட்டே 1930-களுக்குப் பிறகு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மூன்று ஒரு மாதிரி, ஒன்று வேறு மாதிரி என்றால் யாரோ நடுவில் திறந்து பழுது பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த ஒன்றைக் கணக்கிலிருந்து தள்ளிவிடலாம்.

மரத்தில் ஏறியிருந்த ஸ்க்ரூக்களையும் பத்திரமாக எடுத்து வந்தேன். நுனி கூர்மையாக இருக்கிறது. 1840-களுக்கு முன்னால் மர ஸ்க்ரூவுக்கு நுனி மொட்டையாகத்தான் இருக்கும், கூர் நுனி அதற்குப் பிறகுதான் பரவியது. ஆனால் ஸ்க்ரூவை யார் வேண்டுமானாலும் மாற்றியிருக்கலாமே? அதனால் பூட்டுக்கு அடியில் இருந்த மரத்தையும் பார்த்தேன். வேறு ஓட்டை எதுவும் இல்லை, அடைத்த தடமும் இல்லை. இந்தப் பூட்டு இதே ஸ்க்ரூவில்தான் முதலிலிருந்து நின்றிருக்கிறது என்று நம்பலாம்.

மூடியைத் தூக்குகிறேன். உள்ளே ரெண்டு லீவர், ஒவ்வொன்றுக்கும் மெல்லிய எஃகு ஸ்பிரிங். லீவர் ரெண்டையும் எடுத்து ஒன்றன் மேல் ஒன்று வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடிக்கிறேன். ஓரத்தில் எங்கேயும் வெளிச்சம் கசியவில்லை. அச்சில் அழுத்தி வெட்டின தகடு, சாவி படுகிற இடத்தில் மட்டும் கடைசியாக அரம் ஓடியிருக்கிறது. பெட்டியின் உள்விளிம்பில் உளியால் மூன்று கீறல், மூடியிலும் அதே மூன்று கீறல். கூட்டிப் பொருத்துகிறவர் இந்த மூடி இந்தப் பெட்டிக்கு என்று அடையாளம் போட்டது. கீறல் ஒத்துப் போனால் மூடி மாறவில்லை. எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது.

மூடி மாறவில்லை என்பது ஏன் முக்கியம்? காலம் சொல்லும் முத்திரை அதன் மேல்தான் இருக்கிறது. பெயர் துருவில் போய்விட்டது. அதன் கீழே ஆர்.டி. என்ற ரெண்டு ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும். ஆறு இலக்கம், முதல் இலக்கம் 2, மற்ற ஐந்தும் படிக்கிற நிலையில் இல்லை. பரவாயில்லை, இதுவே போதும். இங்கிலாந்தில் பொருளின் வடிவமைப்பைப் பதிவு செய்தால் 1884-இலிருந்து ஒன்று, ரெண்டு என்று தொடர் எண் கொடுத்து வந்தார்கள். 1890 தொடக்கத்தில் அந்த எண் 141273. 1900 தொடக்கத்தில் 351202. நம்முடையது ரெண்டு லட்சத்துச் சொச்சம். ஆக, இந்த வடிவம் பதிவானது 1890-களில். பதிவான பிறகும் வருஷக்கணக்கில் அதே எண்ணோடு அடித்துக்கொண்டே இருப்பார்கள். அதனால் 1890-கள், அல்லது அதை ஒட்டி அடுத்த பத்து இருபது வருஷம் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஆக, ஒழுங்காகத் தெரிகிற பெட்டிப் பூட்டுதான் மூத்தது. கோணல்மாணலான மாங்காய் அதைவிட ஏறக்குறைய நாற்பது வருஷமாவது இளையது.

சாவிகளைப் பற்றி ஒன்று. மாங்காய்க்கு ரெண்டு சாவி கொடுத்தார்கள். ஒன்றில் லீவர் உரசுகிற இடமெல்லாம் அரக்கோடு அழிந்து, சாப்பிட்ட ஸ்பூன் மாதிரி வழவழப்பாக இருக்கிறது. இன்னொன்றில் கோடு அப்படியே முள்ளாக நிற்கிறது, விரலில் குத்துகிறது. முதலாவது பூட்டோடு வந்தது. ரெண்டாவது பின்னால் அடித்தது, அல்லது பெட்டியிலேயே தூங்கினது. சந்தையில் துரு ஏற்றி விற்கிற பூட்டையும் இப்படித்தான் பிடிக்கலாம். மேலெல்லாம் துரு இருக்கும், சாவித் துவாரத்தின் விளிம்பு மட்டும் புதுசாகக் கூர்மையாக இருக்கும். நாற்பது வருஷம் சாவி போய் வந்த துவாரம் அப்படி இருக்காது.

இதையெல்லாம் நேற்று போனில் பெரியப்பாவிடம் சொன்னேன். நாயக்கர் போய்விட்டாரே என்று அவருக்கு வருத்தம். பின்னாலிருந்து பெரியம்மா குரல் கேட்டது: "ஏங்க, நான் கல்யாணமாகி வந்த மறு வருஷம் களத்துல நெல்லு மூட்டை களவு போச்சுல்ல? அப்பத்தான மாமா திண்டுக்கல் போயி அந்தத் தொங்கு பூட்ட வாங்கியாந்தாரு?" அவர்கள் கல்யாணம் 1963.