காயத்திலிருந்து மேலேறும் சிவப்புக் கோடு

நேயர்களுக்கு வணக்கம். வயலில் முள் தைத்த காலிலோ, முட்கம்பி கீறிய கையிலோ, காயத்திலிருந்து புறப்பட்டு மேல்நோக்கி ஓடும் ஒரு சிவப்புக் கோட்டைக் கண்டால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போய்விட வேண்டும். விடியட்டும் என்று ஏன் காத்திருக்கக்கூடாது என்பதைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறேன்.

அந்தக் கோட்டை இரத்தக் குழாய் என்று பலர் எண்ணுகிறார்கள். அது தோலுக்குச் சற்றுக் கீழே ஓடும் நிணநீர்க் குழாய். திசுக்களில் தேங்கும் நீரைத் திரட்டி, தொடை இடுக்கிலும் கக்கத்திலும் உள்ள நிணநீர்க் கணுக்களின் வழியாகக் கொண்டுசென்று, கழுத்தின் அடியில் இரத்தத்தில் சேர்ப்பது இக்குழாய்களின் வேலை. காயத்தில் புகும் கிருமி, பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் வகை, தன்னைச் சுற்றி உடல் எழுப்பும் தடுப்பையே கரைக்கவல்ல பொருட்களைச் சுரந்து, ஒரே இடத்தில் சீழ்கட்டி நிற்காமல் இக்குழாய்களுக்குள் இறங்கிவிடுகிறது. அவ்வழியே குழாய் அழன்று சிவப்பதைத்தான் நாம் கோடாகக் காண்கிறோம். கணுக்கள் சோதனைச் சாவடிகளைப் போல அதை மறிக்கப் பார்க்கும். நாம் நெறிகட்டுதல் என்பது அதனால் வரும் வீக்கமே. அந்தச் சாவடியையும் தாண்டினால் கிருமி இரத்தத்தில் கலந்துவிடும்.

பலரிடம் கண்ட போக்கை ஒருவர்மேல் வைத்துச் சொல்கிறேன். ஒட்டுசுட்டான் பக்கத்து விவசாயி ஒருவருக்கு, வரம்பில் நடக்கையில் காலையில் குதிகாலில் முள் ஏறுகிறது. பிடுங்கி எறிந்துவிட்டு வேலையைத் தொடர்கிறார். முள்ளின் முனை உள்ளே முறிந்து நிற்பது அவருக்குத் தெரியாது. இரவில் குதிகால் விண்விண்ணென்று வலிக்கிறது. மறுநாட் காலையில் கணுக்காலின் உட்புறத்திலிருந்து முழங்காலை நோக்கி விரலகலத்தில் ஒரு கோடு. தொடை இடுக்கில் நெறி. மதியம் குலைப்பன் எடுக்கிறது. டெங்குவாக இருக்குமோ என்று பனடோல் போடுகிறார். காய்ச்சல் தணிகிறது, மனமும் ஆறுகிறது. கிருமியோ தணியவில்லை. மாலையில் மூச்சு வேகமாகி, பேச்சுத் தடுமாறி, சிறுநீர் குறைந்த நிலையில் அவரைக் கொண்டுவருகிறார்கள். முள் தைத்து இரண்டு நாள்கூட ஆகவில்லை. காலையிலேயே வந்திருந்தால் வாயால் உட்கொள்ளும் மருந்தே போதுமாயிருந்திருக்கலாம்; இப்போதோ நாளத்தினூடே மருந்தும் சேலைனும் ஏற்றி அனுமதிக்க வேண்டியிருக்கிறது.

நம்முடைய மேனியில் இந்தச் சிவப்பு எளிதில் தெரியாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். கறுத்த தோலில் அது செம்பு நிறமாகவோ ஊதா கலந்த கருமையாகவோ மங்கலாகவே தோன்றும். ஆகவே வெளிச்சத்தில், கையின் உட்புறத்தையும் காலின் உட்புறத்தையும் பாருங்கள். புறங்கையால் தடவிப் பாருங்கள். காயத்திலிருந்து நீளவாக்கில் சூடாகவும் தொட்டால் நோவாகவும் ஒரு தடம் இருந்தால், நிறம் தெரியாவிட்டாலும் அதுவே அந்தக் கோடு. கோடு நெஞ்சை எட்டினால்தான் ஆபத்து என்ற நம்பிக்கை தவறானது. முழங்காலைத் தாண்டாத கோட்டுடனேயே குலைப்பன் வந்தவர்கள் உண்டு.

விஷம் ஏறாமலிருக்க மேலே கயிற்றால் இறுக்கிக் கட்டுவதால் இரத்த ஓட்டந்தான் கெடும். எண்ணெய் பூசி உருவுவது அதைவிடக் கூடாதது, ஏனெனில் நிணநீரை மேலே தள்ளுவதே அழுத்தமும் அசைவும்தான். காலை உயர்த்தி வைத்து, நடப்பதைத் தவிர்த்து, கோடு முடியும் இடத்தில் பேனாவால் குறியிட்டு நேரத்தையும் எழுதிக்கொண்டு புறப்படுங்கள். அந்தக் குறி, கோடு எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்று வைத்தியர் அறிவதற்காகவே. வீட்டிலிருந்து காவல் பார்ப்பதற்காக அன்று. குலைப்பன், மயக்கம், தடுமாற்றம், மூச்சுவேகம் இவற்றில் ஒன்று இருந்தாலும், காயத்தின் அளவுக்கு மிஞ்சிய வலியோ தோலில் நீலம் பாய்ந்த கொப்புளமோ கண்டாலும், பஸ்ஸுக்குக் காத்து நிற்காமல் 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

சலரோகமோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் கிளினிக் கொப்பியை மறவாமல் எடுத்துவர வேண்டும்; மருந்தின் அளவே அதனால் மாறக்கூடும். பெனிசிலின் ஒவ்வாமை இருந்தால் கேட்காமலே சொல்லிவிடுங்கள். வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் கப்சூல் இரண்டைப் போட்டுவிட்டு வருவது கிருமியைக் கொல்லப் போதாது. சிகிச்சை தொடங்கிய முதல் நாளில் கோடு உடனே மறையாதிருக்கலாம். காய்ச்சலும் நோவும் இறங்குகின்றனவா என்று பாருங்கள். ஓரிரு நாளிலும் இறங்காவிட்டால், அல்லது கோடு பேனாக் குறியைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால், உடனே திரும்பி வாருங்கள். பெரும்பாலும் உள்ளே முள்ளோ சீழோ இருக்கும், அதை வெட்டி எடுக்காமல் மருந்து மட்டும் வேலை செய்யாது.