58 மார்க்குக்குப் பின்னால் எத்தனை பேர்?

நேயர்களுக்கு வணக்கம். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, அந்த வட்டாரத்திலேயே முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். மார்க்கு தாளைக் கையில் பிடித்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்ற அம்மாக்கள் நிறைய பேர். இன்றைக்கு அவர்களில் ஒருவரை மனசில் வைத்துப் பேசுகிறேன்.

அதற்கு முன்னால் பால் ஸ்டோருக்குப் போவோம். எங்கள் அப்பா பால்மரம் வெட்டியவர். வெட்டுக்காரர்கள் வாளியோடு வரிசையில் நிற்பார்கள். கிராணி நிறுத்து, எடையைச் சத்தமாகச் சொல்லிப் புத்தகத்தில் எழுதுவார். அப்பா வீட்டுக்கு வந்து "இன்னிக்கு 18 கிலோ" என்றால் அம்மாவுக்குத் திருப்தி வராது. "சரி, எத்தனை பேருக்கு மேல?" என்று கேட்பார். மழை பிடித்த வாரத்தில் எல்லாருக்குமே எடை இறங்கிவிடும். அப்போது 18 கிலோ நல்ல எடை. வெயில் காலத்தில் அதே 18 கிலோவுக்கு அம்மா முகம் சுருங்கும். எடை ஒன்றுதான், ஆனால் பின்னால் நிற்பவர்கள் எண்ணிக்கை வேறு. அம்மா பள்ளிக்கூடம் போகாதவர். ஆனாலும் அவர் கேட்டது சரியான கேள்வி.

இப்போது அந்தத் தாய். "சார், தமிழ்ல 72 வாங்கின பிள்ளை கணக்குல 58தான் எடுத்திருக்கா. கணக்கு வராதா சார் இவளுக்கு?" என்றார். வகுப்பில் 40 பேர். நான் மார்க்கு பட்டியலை எடுத்து, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து கீழே இருந்து எண்ணினேன். நீங்களும் மனசுக்குள் கூட்டிக்கொண்டு வாருங்கள். 30க்குக் கீழே 6 பேர். முப்பதுகளில் 8 பேர், ஆக 14. நாற்பதுகளில் 10 பேர், ஆக 24. இப்படி ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்துக்கொண்டே போவதுதான் குவிவு எண்ணிக்கை. இடைநிலைப்பள்ளிப் பாடத்தில் மலாயில் 'கெகெராப்பான் லொங்கோக்கான்' என்று வரும். லொங்கோக் என்றால் குவியல், அவ்வளவுதான். ஐம்பதுகளில் 58க்குக் கீழே 6 பேர். ஆக மொத்தம் 30 பேர். நாற்பதில் முப்பது, நூற்றுக்கு 75. அந்தப் பிள்ளைக்குப் பின்னால் வகுப்பில் முக்கால்வாசி நிற்கிறது. இதைத்தான் நூற்றுமானத் தரம் என்கிறோம்.

தமிழ்த் தாளையும் அதே மாதிரி எண்ணினேன். 72க்குக் கீழே 14 பேர்தான் இருந்தார்கள். நூற்றுக்கு 35. அந்த அம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 58 மேலேயும் 72 கீழேயும் நிற்பதை அவரால் உடனே ஏற்க முடியவில்லை. நான் மறுபடியும் விரல் வைத்து எண்ணிக் காட்டினேன்.

ஒரு சின்னச் சிக்கல் இருக்கிறது. 58 வாங்கியவர்கள் இரண்டு பேர். "அவளுக்குக் கீழே" என்றால் 75. "அவள் அளவுக்கோ அதற்குக் கீழோ" என்றால் 32 பேர், நூற்றுக்கு 80. சமமாக நிற்பவர்களில் பாதியை மட்டும் சேர்த்தால் 77.5. மூன்றுமே நடைமுறையில் உள்ளவை. அதனால் ஒருவர் எண்ணைச் சொன்னால், எதை எண்ணினார் என்று கேளுங்கள். இரண்டு பேர் இரண்டு விதமாக எண்ணிவிட்டு ஒப்பிட்டால் வீண் சண்டைதான் வரும்.

இன்னொன்று, எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுவது. இந்தத் தரத்தில் ஒரு படி இன்னொரு படிக்குச் சமம் இல்லை. அதே வகுப்பில் 40 வாங்கியவன் 50க்கு ஏறினால், அவனுக்குக் கீழே 14 பேர் இருந்தது 23 ஆகும், நாற்பதுகளில் இருந்த பத்துப் பேரில் அவனும் ஒருவன் அல்லவா. தரம் 35இலிருந்து 57.5க்குத் தாவும். மேலே நிற்கும் மூன்று பேரின் மார்க்கு 74, 81, 93. 81 வாங்கியவள் 93க்கு ஏறினாலும் அவளுக்குக் கீழே அதே 38 பேர்தான், தரம் 95இலேயே நிற்கும். கூட்டம் நடுவில் இருக்கிறது, நுனியில் ஆளே இல்லை. அதனால் மேலே உள்ள பிள்ளையைப் பார்த்து "தரம் ஏறவே இல்லையே" என்று கடிந்துகொள்ளாதீர்கள். அவள் 12 மார்க்கு கூடுதலாகப் படித்திருக்கிறாள்.

நேரம் ஆகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். சிறிய பள்ளியைப் பற்றியும் சொல்ல நினைத்திருந்தேன். வகுப்பில் 8 பேர்தான் என்றால் ஒரு பிள்ளை முந்தினாலே 12.5 நகரும், அங்கே இந்த எண்ணை நம்பாதீர்கள். கடைசியாக ஒன்று: பரீட்சைக்கு வராத பிள்ளைகளைச் சுழியம் போட்டுக் கணக்கில் சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள். நான் சொன்ன 40இல் இரண்டு பேர் அப்படித்தான் இருந்தார்கள். அவர்களை எடுத்துவிட்டால் 38இல் 28, ஏறக்குறைய 74. அந்த அம்மாவுக்கு அதையும் எழுதிக் கொடுத்தேன். வணக்கம்.