மரத்த காலுக்குக் காலணி: காலைக் கேட்காதீர்கள், அட்டையைக் கேளுங்கள்

[காட்சி: மேசை மீது ஒரு ஜோடி கறுப்பு ஷூ. பக்கத்தில் சாக்ஸ், சுண்டுவிரல் வரும் இடத்தில் சிறிய பழுப்புக் கறை.]

இந்த ஷூவின் சொந்தக்காரருக்கு வயது 58 என்று வைத்துக்கொள்வோம். 14 ஆண்டுகளாக நீரிழிவு. கடையில் மூன்று ஜோடிகளைப் போட்டுப் பார்த்தார். முதல் இரண்டும் தொளதொளவென்று இருப்பதாகச் சொன்னார். மூன்றாவது காலைக் கச்சிதமாகப் பிடித்தது, அதையே வாங்கினார். நான்காம் நாள் மாலை சாக்ஸைக் கழற்றினால் இந்தக் கறை. சுண்டுவிரலின் வெளிப்பக்கத் தோல் உரிந்து ஈரமாக இருந்தது. வலி கொஞ்சமும் இல்லை.

அவர் கவனக்குறைவாக நடந்துகொள்ளவில்லை. எல்லோரும் செய்வதைப் போலத்தான் போட்டுப் பார்த்து வாங்கினார். அந்த முறை அவர் காலுக்குப் பொருந்தாது என்பதை யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

[காட்சி: பாதத்தின் வரைபடம். விரல் நுனிகளிலிருந்து நரம்புகள் மெல்ல மங்குகின்றன.]

நீரிழிவால் நரம்பு பாதிக்கப்பட்ட பாதத்தில் மெல்லிய தொடுதல் பதிவதில்லை. சரியான அளவுள்ள ஷூவைப் போட்டால், காலைச் சுற்றி எதுவுமே இல்லாதது போலத் தோன்றும். இறுக்கிப் பிடிக்கும் ஷூவை மட்டும்தான் அந்தக் கால் உணரும். அதனால்தான் உணர்வு குறைந்தவர்கள் தேவைக்குச் சிறிய ஷூவை, முழு நம்பிக்கையோடு வாங்கிவிடுகிறார்கள்.

உணர்வுள்ளவருக்கு ஷூ கடித்தால், தெரிந்தோ தெரியாமலோ நடையை மாற்றுவார், அல்லது கழற்றிவிடுவார். மரத்த கால் அதே இடத்தை அதே ஷூவில் மணிக்கணக்கில் அழுத்திக்கொண்டே இருக்கும். எலும்பு துருத்தும் இடத்தில் தோலுக்கு ரத்தம் போவது தடைப்படும். நீரிழிவோடு கால் ரத்தக்குழாய்களும் சுருங்கியிருந்தால், காயம் ஆறுவதற்கான ரத்தம் போதாது. கொப்புளம் வாரக்கணக்கில் ஆறாத புண்ணாகிவிடும்.

உங்கள் காலில் உணர்வு குறைந்திருக்கிறதா என்று வீட்டிலேயே முதல் சோதனை செய்யலாம். கண்ணை மூடிக்கொள்ளுங்கள். வேறொருவர் இரண்டு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை, அழுத்தாமல், ஓரிரு விநாடி தொட வேண்டும். ஆறு தொடுதலில் இரண்டையோ அதற்கு மேலோ நீங்கள் தவறவிட்டால், காயத்தை எச்சரித்துக் காலைக் காக்கும் உணர்வு குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். மருத்துவரிடம் முறையான பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

[காட்சி: கெட்டி அட்டை மீது ஒருவர் நிற்கிறார். இன்னொருவர் குனிந்து பாதத்தைச் சுற்றிக் கோடு இழுக்கிறார்.]

இப்போது அளவெடுப்போம். மாலையில் செய்யுங்கள், ஏனென்றால் நாள் முழுவதும் நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். உட்கார்ந்து அளந்தால் பயனில்லை. உடல் எடை இறங்கும்போதுதான் பாதம் நீண்டு அகலும். நீங்களே குனிந்து வரைந்தால் எடை ஒரு பக்கம் சாயும். எனவே வேறொருவர் பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து வரையட்டும். இரண்டு பாதங்களையும் வரைய வேண்டும்.

நம் எடுத்துக்காட்டில் இருப்பவருக்கு இடது பாதம் 25.2 செ.மீ., வலது 25.7 செ.மீ. பெரிய பாதத்தைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். ஷூவின் உள்நீளம் பாதத்தைவிட 1 முதல் 2 செ.மீ. கூடுதலாக இருக்க வேண்டும், அதாவது 26.7 முதல் 27.7 வரை. அவர் வாங்கிய ஷூவின் உள்நீளம் 26 செ.மீ. விரலுக்கு முன்னால் 3 மி.மீ. இடம்தான் இருந்திருக்கிறது. அடியில் அச்சிட்ட எண்ணை நம்பாதீர்கள். ஒரே எண் போட்ட இரண்டு ஷூக்கள் உள்ளே ஒரே நீளமாக இருப்பதில்லை.

அகலத்துக்கு, வரைந்த கோட்டின் வழியே அட்டையைக் கத்தரித்து, ஷூவுக்குள் படுக்கவையுங்கள். ஓரம் மடங்காமல் தட்டையாகப் படுத்தால் சரி. இவரது ஷூவில் சுண்டுவிரல் பக்கம் அட்டை மேல்நோக்கி வளைந்து நின்றது. தோல் உரிந்த இடமும் அதுதான்.

[காட்சி: ஷூவின் முன்பகுதியைப் பக்கவாட்டில் வெட்டிக் காட்டும் படம். உள்ளே மடங்கிய விரல்கள்.]

அட்டை சொல்லாத ஒன்று உயரம். நரம்பு பாதிப்பில் பாதத்தின் சிறு தசைகள் மெலிந்து, விரல்கள் பறவையின் நகம்போல வளையத் தொடங்கும். விரல் கணு மேலே எழும். ஷூவின் மேல்தோல் அதை உரசும். நின்றுகொண்டு எல்லா விரல்களும் மேலே தொடாமல் இருக்கின்றனவா என்று கையால் தடவிப் பாருங்கள். விரல்கள் ஏற்கெனவே வளைந்திருந்தால் ஆழமான முன்பகுதியுள்ள ஷூவும், பாதத்துக்கு அச்செடுத்துச் செய்த இன்சோலும் தேவைப்படும்.

தளர்வும் ஆபத்துதான். நடக்கும்போது கால் உள்ளே முன்னும் பின்னும் வழுக்கினால் உரசல் ஏற்படும். அதனால் லேஸோ வெல்குரோ பட்டையோ வேண்டும். குதிகாலைப் பிடிக்காத செருப்பு, கட்டைவிரலிடுக்கில் வாருள்ள செருப்பு இரண்டையும் தவிர்த்துவிடுங்கள்: முதலாவது கழன்று விழுவதை நீங்கள் உணர மாட்டீர்கள், இரண்டாவது விரலிடுக்கை அறுக்கும்.

[காட்சி: சுவர்க் கடிகாரம். புதிய ஷூ கழற்றப்படுகிறது. பாதம் விளக்கொளியில் பார்க்கப்படுகிறது.]

சரியான ஷூவே கிடைத்தாலும் முதல் நாளே நாள் முழுவதும் அணியாதீர்கள். வீட்டுக்குள் ஒரு மணி நேரம் போதும். கழற்றியதும் விரல் ஓரங்கள், விரல் கணுக்கள், குதிகால், முன்பாதத்தின் அடி ஆகியவற்றைப் பாருங்கள். அடிப்பாதத்துக்குக் கண்ணாடி உதவும். சிவப்புத் திட்டு இருந்தால் நேரம் குறித்துக்கொள்ளுங்கள். 20 நிமிடத்துக்குப் பிறகும் மறையவில்லை என்றால் அந்த ஷூ அந்த இடத்தை அழுத்துகிறது. கருமையான தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. புறங்கையால் தொட்டு, சுற்றுப்புறத்தைவிட அந்த இடம் சூடாக இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் கையிலும் உணர்வு குறைந்திருந்தால் வேறொருவர் தொடட்டும். எதுவும் இல்லையென்றால் மறுநாள் இரண்டு மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம்.

வெளிர் நிற சாக்ஸ் அணியுங்கள். கறுப்பு சாக்ஸில் கறை தெரிந்திருக்காது. நம் எடுத்துக்காட்டில் அந்தப் பழுப்புப் புள்ளிதான் முதல் எச்சரிக்கை.

[காட்சி: கட்டுப் போட்ட பாதம்.]

புண் வந்த பிறகு நல்ல ஷூ சிகிச்சை ஆகாது. அப்போது தேவைப்படுவது, அந்த இடத்தில் எடையே இறங்காமல் காக்கும் மாவுக்கட்டு போன்ற சாதனங்கள். அதை முடிவு செய்வது மருத்துவக் குழு. பாதத்தில் தோல் தடித்த காய்ப்பின் அடியில் கருஞ்சிவப்பாக ரத்தம் தெரிந்தாலும் அதை நீங்களே வெட்டாமல் அவர்களிடம் போக வேண்டும். ஒரு கால் திடீரெனச் சூடாகி வீங்கினால், வலி இல்லாவிட்டாலும் அந்தக் காலை ஊன்றாமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். எலும்புகள் உள்ளே நொறுங்கிக்கொண்டிருக்கலாம்.

[காட்சி: கை ஒன்று ஷூவுக்குள் நுழைந்து விரல்முனை வரை தடவுகிறது, ஒரு சிறு கல்லை வெளியே எடுக்கிறது.]

ஒவ்வொரு முறை அணியும் முன்பும் ஷூவைக் கவிழ்த்துத் தட்டுங்கள். பிறகு கையை உள்ளே விட்டு, முன்முனை வரை தடவுங்கள். பெயர்ந்த தையல், மடங்கிய இன்சோல், இது போன்ற ஒரு கல் — கால் கண்டுபிடிக்காததைக் கை கண்டுபிடித்துவிடும்.